பரிந்துரை எழுதியவர் பெயரும் பக்கத்தில் நிற்கும்: ஒரு சாஃப்ட்வேர் டெஸ்டரின் பன்னிரண்டு வாரங்கள்

இந்த ஆய்வில் வரும் டெஸ்டர் ஒரு தனி மனிதர் அல்ல. இந்தத் துறையில் பலரிடமும் திரும்பத் திரும்பக் காணும் நிலைமையை ஒரே ஆளின் மேல் ஏற்றிச் சொல்கிறோம். பத்து ஆண்டுகள் நிறுவனங்களில் சாஃப்ட்வேர் சோதனை செய்துவிட்டு, இப்போது தனியாக ஆலோசனைப் பணிக்கு வந்திருப்பவர். வேலையில் கெட்டிக்காரர், ஆனால் அந்த வேலை வெளியே தெரியாது. டிசைனருக்குக் காட்டப் படம் இருக்கிறது, டெவலப்பருக்குக் காட்ட ஆப் இருக்கிறது. டெஸ்டர் நன்றாக வேலை செய்தால் எதுவும் நடக்காமல் போகிறது, அவ்வளவுதான். நடக்காததை யாருக்குக் காட்டுவது?

அவருடைய லிங்க்ட்இன் பக்கத்தில் பிறர் எழுதிய பரிந்துரைகள் இரண்டு, அவர் பிறருக்கு எழுதியவை பூஜ்யம். பழைய சகாக்கள் இருபது பேரிடம் "எனக்கு ஒரு பரிந்துரை எழுதித் தாருங்களேன்" என்று கேட்கலாமா என்பதுதான் அவரது முதல் யோசனை. கேட்டால் சிலர் எழுதுவார்கள், பலர் தள்ளிப்போடுவார்கள், எழுதுபவர்களும் கடமைக்கு இரண்டு வரி எழுதுவார்கள். திசையை மாற்றி, முதலில் அவரே மற்றவர்களுக்கு எழுதத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதே இங்கே பார்க்கும் விஷயம்.

அது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு விடை பக்கத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. நாம் இன்னொருவருக்கு எழுதும் பரிந்துரை அவர் பக்கத்தில் வெறும் எழுத்தாக நிற்பதில்லை. மேலே நம் படம், பெயர், தலைப்பு வரி, எழுதிய தேதி, அவரோடு நமக்கிருந்த பணி உறவு, இத்தனையும் சேர்ந்து நிற்கும். அந்தப் பக்கத்தைக் கீழே வரை இறக்கிப் பார்ப்பவர் யார்? பெரும்பாலும் ஆளெடுக்கப் போகிறவர், இல்லையென்றால் வேலை கொடுக்கலாமா என்று யோசிக்கிறவர். பாராட்டைப் படித்ததும் "இதைச் சொல்வது யார்?" என்ற கேள்வி அவருக்குத் தானாக வரும். அந்தக் கேள்விக்கான விடை ஒரு கிளிக் தூரத்தில் இருக்கிறது. நாமே நம்மைப் பற்றிப் போடும் பதிவு ஓரிரு நாளில் புதுப் பதிவுகளுக்கு அடியில் மறைந்துவிடும். இது அப்படி மறைவதில்லை. அந்தப் பக்கம் பார்க்கப்படும் ஒவ்வொரு முறையும், அதுவும் முடிவெடுக்கும் நேரத்தில், நம் பெயர் அங்கே இருக்கிறது.

ஆகவே எழுதத் தொடங்குமுன் அவர் செய்ய வேண்டிய முதல் வேலை தன் தலைப்பு வரியைத் திருத்துவது. "தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர், தற்சமயம் சுதந்திரப் பணி" என்று இருந்தது. அதைப் படிப்பவருக்கு அவரை எதற்கு அழைப்பது என்று விளங்காது. "பணப் பரிமாற்ற மென்பொருள்களை வெளியீட்டுக்கு முன் சோதித்துத் தருபவர்" என்று மாற்றினால், வேறொருவர் பக்கத்தில் அந்த வரி நிற்கும்போதே பாதி அறிமுகம் முடிந்துவிடும். இதைச் செய்யாமல் இருபது பரிந்துரை எழுதுபவர்கள் நிறையப் பேர். மற்றவருக்கு நல்லது செய்கிறார்கள், தமக்கு எதுவும் சேர்வதில்லை.

அடுத்தது யாருக்கு எழுதுவது. ஒரு தாளில் பதினான்கு பெயர் எழுதி, அதை ஆறாக வெட்டினார். ஒரு பெயர் பட்டியலில் நிற்க ஒரே சோதனைதான்: அவர் செய்த ஒரு வேலையை, நேரில் பார்த்ததை, "அன்றைக்கு இது நடந்தது" என்று மூன்று வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் எவ்வளவு நல்ல நண்பரானாலும் பெயர் போய்விட வேண்டியதுதான். இந்தச் சோதனையில் விழுந்தவர்களில் ஒருவர் அவருடைய மிக நெருங்கிய தோழர். பத்து வருடமாகச் சேர்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள், ஒரே திட்டத்தில் ஒரு நாள்கூட வேலை செய்ததில்லை.

தற்போது பணி தரக்கூடிய நிலையில் இருக்கும் இரண்டு மேலாளர்களையும் நீக்கினார். வாடிக்கையாளர் ஆகக்கூடியவருக்குப் புகழ் எழுதினால், அது எவ்வளவு உண்மையாக இருந்தாலும் தூண்டில் போலத்தான் தெரியும். மாறாக, சில வருடங்களாகத் தொடர்பு விட்டுப்போன மூன்று பேர் பட்டியலில் நின்றார்கள். இதற்கு வலுவான காரணம் உண்டு. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் முன்வைத்த கருத்து, புது வாய்ப்புகள் நெருங்கியவர்களைவிடத் தூரத்துப் பழக்கங்கள் வழியாகவே அதிகம் வருகின்றன என்பது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு, லிங்க்ட்இன்னில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களை வைத்து இதைச் சோதித்தது. மிதமான அளவில் பலவீனமான தொடர்புகளே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவின என்று அது கண்டது. மிக நெருங்கிய தொடர்புகள் அவ்வளவு பயன்படவில்லை. விட்டுப்போன பழைய சகாவுக்குத் திடீரென்று "எப்படி இருக்கிறீர்கள்" என்று செய்தி அனுப்பக் கூச்சப்படுகிறவர்களுக்கு, ஒரு நேர்மையான பரிந்துரை அந்தக் கதவைத் திறக்கக் கௌரவமான காரணம்.

வேகம்? இரண்டு வாரத்துக்கு ஒன்று. பன்னிரண்டு வாரத்தில் ஆறு. ஒரே ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆறையும் எழுதி முடிக்கலாமே என்று தோன்றும். ஆனால் தேதி எல்லோருக்கும் தெரிகிறது. அவர் பக்கத்தில், பிறருக்கு எழுதியவை நிற்கும் Given என்ற பகுதியைத் திறப்பவர், ஒரே நாளில் ஆறு பேரைப் புகழ்ந்திருப்பதைக் கண்டால் அதை ஒரு பிரசார வேலையாகத்தான் படிப்பார். அதோடு, உருப்படியாக ஒன்று எழுத முக்கால் மணி நேரம் ஆகும். நான்காவதுக்கு வரும்போது கை சலித்து, முதலாவதில் எழுதிய சொற்களே திரும்ப வரத் தொடங்கும்.

முதலில் எழுதியது ஒரு டெவலப்பருக்கு. வரைவு இப்படி வந்தது:

"மிகவும் திறமையான, அர்ப்பணிப்புள்ள, குழுவோடு ஒத்துழைக்கும் டெவலப்பர். எந்தச் சவாலையும் புன்னகையோடு எதிர்கொள்வார். எந்த நிறுவனத்துக்கும் இவர் ஒரு சொத்து."

இதில் ஒரு பொய்யும் இல்லை, ஒரு தகவலும் இல்லை. பெயரை மாற்றி யாருக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். எழுதியவரைப் பற்றியும் இது ஒன்றும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எழுதியவர் டெஸ்டரா, கணக்காளரா, பக்கத்து நாற்காலிக்காரரா, தெரியாது.

திருத்தியது:

"நான் சோதித்த பணப் பரிமாற்றச் செயலியில் இவர் மூன்று ஆண்டுகள் பின்னணிப் பகுதியை எழுதினார். நான் ஒரு பிழையைப் பதிவு செய்தால், அதைச் சரிசெய்வதோடு நிற்காமல், அதே பிழை வேறு எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்று தேடி, அந்த இடங்களையும் எனக்கு எழுதி அனுப்புவார். ஒருமுறை ஒரே கட்டணம் இருமுறை பதிவாகும் கோளாறு வந்தபோது, வெளியீட்டைத் தள்ளிவைக்கச் சொன்ன முதல் ஆள் இவர்தான், தாமதத்தின் பழி தன் பகுதிக்கு வரும் என்று தெரிந்தே சொன்னார். பணம் கையாளும் அமைப்பைக் கட்டும் குழுவுக்கு இவரைத் தயங்காமல் சொல்வேன்."

இதைப் படிப்பவருக்கு டெவலப்பர் எப்படிப்பட்டவர் என்று ஒரு பிடி கிடைக்கிறது. கூடவே, எழுதியவர் பணப் பரிமாற்றச் செயலிகளைச் சோதிப்பவர், இரட்டைப் பதிவு போன்ற கோளாறுகளைத் தெரிந்தவர், நல்ல டெவலப்பரிடம் எதைப் பார்க்க வேண்டும் என்று அறிந்தவர் என்பதும், அவர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலே வந்துவிடுகிறது. பிறரைப் பற்றி எழுதும்போது வெளிப்படுவது நம்முடைய பார்வையின் கூர்மை. தன்னைப் பற்றி "நுட்பமாகக் கவனிப்பவன்" என்று எழுதிக்கொண்டால் யாரும் நம்பப் போவதில்லை.

எழுத்தின் அளவு பற்றி ஒரு சொல். தளம் 3,000 எழுத்துகள் வரை இடம் தருகிறது, அதில் நான்கில் ஒரு பங்கு போதும். நீளமானால் முதல் சில வரிகள் மட்டுமே தெரியும், மீதி மடங்கிக் கிடக்கும். அதனால் எங்கே, எந்த வேலையில், எவ்வளவு காலம் பார்த்தோம் என்பது முதல் வாக்கியத்திலேயே வந்துவிட வேண்டும். "இவரைப் பற்றி எழுதுவதில் மகிழ்ச்சி" என்ற தொடக்கம் அந்த விலைமதிப்புள்ள இடத்தைத் தின்றுவிடுகிறது.

செய்முறை எளிது. நேரடித் தொடர்பில் இருப்பவருக்கே எழுத முடியும். அவர் பக்கத்தில் More என்பதைத் தட்டி Recommend என்பதைத் தேர்ந்தால், பணி உறவு என்ன, அப்போது அவர் எந்தப் பதவியில் இருந்தார் என்று கேட்கும். உறவைச் சரியாகக் குறிப்பது அவசியம். "வெவ்வேறு குழுவில் இருந்தோம்" என்பதை "ஒரே குழு" என்று போட்டால் உள்ளே எழுதியதற்கும் மேலே நிற்கும் வரிக்கும் முரண் வந்துவிடும். அனுப்பியதும் அது நேராகப் பக்கத்தில் ஏறாது. பெறுபவர் ஏற்றுக்கொள்ளலாம், திருத்தம் கேட்கலாம், விட்டுவிடலாம்.

அனுப்புவதற்கு முன் நம் டெஸ்டர் ஒரு சிறு செய்தி அனுப்பினார்: "உங்களைப் பற்றி ஒரு பரிந்துரை எழுத நினைக்கிறேன். இப்போது எந்த மாதிரி வேலையை நோக்கிப் போகிறீர்கள்? அந்த இரட்டைக் கட்டணக் கோளாறைக் குறிப்பிடலாமா?" இந்த இரண்டு கேள்வியும் இல்லாமல் எழுதினால் இரண்டு விதத்தில் கெடும். நிர்வாகப் பக்கம் போக நினைக்கும் ஒருவரை "அருமையாக நிரல் எழுதுபவர்" என்று புகழ்ந்து பழைய இடத்திலேயே கட்டிப்போட்டுவிடுவோம். அல்லது முன்னாள் நிறுவனம் ரகசியமாக வைத்திருக்கும் ஒரு கோளாறை ஊருக்குச் சொல்லிவிடுவோம். அவர் எழுதியதில் நிறுவனத்தின் பெயரோ, தொகையோ, வாடிக்கையாளர் பெயரோ இல்லாததற்கு இதுதான் காரணம். இன்னொன்றும் உண்டு: தற்போது வேலையில் இருப்பவர் பக்கத்தில் திடீரென்று புதுப் பரிந்துரை முளைத்தால், அவர் வேறு வேலை தேடுகிறார் என்று அலுவலகத்தில் பேச்சு கிளம்பலாம். அதனால் காலத்தையும் அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்வது நாகரிகம்.

திறன்களுக்குக் கொடுக்கும் எண்டார்ஸ்மென்ட் வேறு சரக்கு. 2012 செப்டம்பரில் வந்த வசதி, ஒரு தட்டில் முடிந்துவிடும், அதனாலேயே அதன் எடை குறைவு. ஆனாலும் பெறுபவருக்கு அறிவிப்புப் போகிறது, நம் பெயர் அவர் கண்ணில் படுகிறது. நம் டெஸ்டர் வைத்துக்கொண்ட அளவு ஆளுக்கு அதிகபட்சம் மூன்று திறன், அதுவும் தானே பார்த்தவை. தளம் வரிசையாகக் காட்டும் திறன்களை எல்லாம் தட்டிக்கொண்டே போனால், ஜாவாவே தெரியாதவருக்கு ஜாவா சான்று கொடுத்த ஆளாகி நிற்போம். இதைப் பற்றி இதற்கு மேல் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

கோளாறுகள் நான்காவது வாரத்தில் தொடங்கின. முதல் பரிந்துரையைப் பெற்ற டெவலப்பர் நன்றியுணர்ச்சியில் அன்றே பதிலுக்கு ஒன்று எழுதி அனுப்பிவிட்டார். நல்ல மனசுதான். பெற்றதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற உந்துதல் எல்லாச் சமூகங்களிலும் காணப்படுவது, சமூகவியலில் ஆல்வின் கூல்ட்னர் 1960-இல் அதைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். ஆனால் பக்கத்தில் ஒரே தேதியில் "நான் உன்னை, நீ என்னை" என்று இரண்டும் எதிரெதிரே நின்றால், இரண்டின் மதிப்பும் போய்விடும். ஆளெடுப்பவர் கண்ணில் இந்த ஜோடி எளிதில் பட்டுவிடும். டெஸ்டர் அதை உடனே ஏற்காமல், நன்றி சொல்லி, திருத்தம் கேட்கும் வசதியைப் பயன்படுத்தினார்: "சில மாதம் கழித்து, நாம் அடுத்து சேர்ந்து செய்யப்போகும் வேலையைப் பற்றி எழுதுங்கள், அது எனக்கு இன்னும் பயன்படும்." யாருக்கும் மனம் நோகவில்லை. பதிலை எதிர்பார்க்காமல் கொடுப்பது என்று பேசுவது சுலபம், வந்த பதிலைத் தள்ளிப்போடுவதுதான் கடினம்.

இரண்டாவது கோளாறு நுட்பமானது. ஒரு திட்ட மேலாளரைப் பற்றி, "குழப்பமும் பொய்க் கெடுவும் நிறைந்த ஒரு சூழலில் இவர் ஒருவர்தான் நிதானம் இழக்காதவர்" என்று எழுதியிருந்தார். புகழ்ச்சிதானே என்று தோன்றும். ஆனால் சமூக உளவியலில் 1998-இல் ஸ்கவ்ரான்ஸ்கியும் சகாக்களும் பதிவு செய்த ஒரு விளைவு உண்டு. ஒருவர் இன்னொருவரின் குணத்தை விவரிக்கும்போது, கேட்பவர் மனத்தில் அந்தக் குணம் விவரிப்பவர் மேலேயே ஒட்டிக்கொள்கிறது. தாராள குணத்தை விவரித்தவர் தாராளமானவராக நினைவில் நிற்கிறார், கொடூரத்தை விவரித்தவர் மேல் கொடூரத்தின் சாயல் படிகிறது. தர்க்கத்துக்கு அடங்காத ஒட்டுதல், ஆனாலும் நடக்கிறது. ஒருவரை உயர்த்த மற்றவர்களைத் தாழ்த்தினால், படிப்பவர் மனத்தில் மேலாளரின் நிதானத்தோடு குழப்பமும் பொய்யும் எழுதியவர் பெயரோடு சேர்ந்தே தங்கக்கூடும். "ஒரே மாதத்தில் மூன்று கெடு மாறியபோதும், எது நிற்கும், எது போகும் என்று அன்றன்றே எங்களுக்கு எழுதிக் கொடுத்தார்" என்று அது மாறியது. குழப்பம் தெரிகிறது, வசை இல்லை.

மூன்றாவது, மிகைச்சொல். ஒரு டிசைனரை "நான் வேலை செய்தவர்களிலேயே சிறந்தவர்" என்று எழுத நினைத்தார். அப்படிச் சொல்லும் உரிமை ஒருவருக்கு ஒரே முறைதான். இரண்டாவது டிசைனருக்கு எழுதும்போது என்ன செய்வது? அதோடு, அந்த இரண்டாமவர் முதலாவதைப் படிக்கத்தான் போகிறார். தரவரிசையைத் தொடாமல், எந்த வேலைக்கு அவரை அழைக்கலாம் என்பதை மட்டும் சொன்னால் இந்தச் சிக்கல் எழாது.

எட்டாவது வாரத்தில் வேண்டுகோள்கள் வரத் தொடங்கின. தாராளமாக எழுதுகிறார் என்று தெரிந்ததும் கேட்பவர்கள் வருவது இயல்பு, இங்கேதான் பழக்கம் சோதனைக்கு உள்ளாகிறது. கேட்டவர்களில் ஒருவர் வேலையில் அலட்சியமானவர், அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் நம் டெஸ்டர். தட்ட முடியாமல் எழுதிவிட்டால், மற்ற பரிந்துரைகளின் மேலும் அந்தக் கறை படியும். "நீங்கள் இப்போது தேடும் வேலைக்குத் தொடர்பாக உங்கள் பணியை நான் போதுமான அளவு பார்க்கவில்லை, பார்த்தவர் எழுதினால்தான் எடுபடும்" என்று சொன்னார். உண்மை, சுருக்கம், கதவும் அடைபடவில்லை. அரைமனதாக எழுதுவதைவிட மறுப்பு மரியாதையானது என்பது எங்கள் கருத்து. படிப்பவர்கள் வெதுவெதுப்பான பாராட்டை எதிர்மறையாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

பக்கத்தில் எழுதுவதைவிட அதிகப் பலன் தந்தது பக்கத்துக்கு வெளியே நடந்தது. ஒரு நிறுவனத்தில் இருக்கும் பழைய சகா, "பின்னணி டெவலப்பர் யாராவது தெரியுமா" என்று கேட்டார். நம் டெஸ்டர் அவசரத்தில் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிடாமல், முதலில் அந்த டெவலப்பரிடம் கேட்டார்: இந்த மாதிரி ஒரு தேவை இருக்கிறது, உங்கள் பெயரைச் சொல்லலாமா? அவர் சரி என்ற பிறகே கேட்டவருக்கு எழுதினார்: "மூன்று வருடம் இவர் எழுதியதை நான் சோதித்தேன். பிழையின் வேரைத் தேடுவதில் வல்லவர். குழுவை நடத்தி நான் பார்த்ததில்லை, அதை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். இவருடைய பக்கத்தில் நான் எழுதியதையும் பார்க்கலாம்." பார்த்ததில்லை என்ற அந்த ஒரு வாக்கியம், பார்த்ததாகச் சொன்ன மற்ற எல்லாவற்றையும் நம்பவைக்கிறது. அறிமுகம் செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதும், இரண்டு வாரம் கழித்து இருவரிடமும் என்ன ஆயிற்று என்று ஒரு வரி கேட்பதும் இதன் பாகம். ஆள் எடுபடாமல் போனாலும் பரவாயில்லை. அடுத்த முறை ஆள் வேண்டும்போது அந்தச் சகாவுக்கு முதலில் நினைவுக்கு வரும் பெயர் டெஸ்டருடையது.

பலனை அளப்பதில் எச்சரிக்கை தேவை. ஒவ்வொரு பரிந்துரை ஏற்கப்பட்டதும் பக்கத்தைப் பார்த்தவர்கள் எண்ணிக்கை சற்று ஏறி இறங்கலாம். பெறுபவரும் அவர் நண்பர்களும் எட்டிப்பார்ப்பதுதான் அது, அதில் பொருளில்லை. பார்த்தவர்கள் எந்தத் துறையினர், பரிந்துரை பெற்றவர்களின் வட்டத்திலிருந்து வருகிறார்களா என்பதைக் கவனிக்கலாம். அதைவிட உறுதியான அடையாளம், புதிதாக எழுதும் ஒருவர் "இன்னாருக்கு நீங்கள் எழுதியதைப் படித்தேன்" என்று தொடங்குவது. பன்னிரண்டு வாரத்தில் அப்படி ஒரே ஒரு கடிதம் வந்தாலும் அது நல்ல விளைச்சல். ஒன்றுமே வராவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தலைப்பு வரியை, அடுத்தது ஆறு பேரும் ஒரே வட்டத்துக்குள் இருக்கிறார்களா என்பதை. ஒரே குழுவின் ஆறு பேருக்கு எழுதினால், படிக்கும் கண்களும் அதே குழுவின் கண்கள்தான்.

சில இடங்களில் இந்த வழி செல்லாது. பணியாளர்கள் வெளிப்படையாகப் பரிந்துரை எழுதுவதைத் தடை செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒப்பந்தத்தைப் பார்க்காமல் தொடங்கக் கூடாது. பணியில் புதிதாகச் சேர்ந்தவர் சொல்லும் அளவுக்கு அதிகம் பார்த்திருக்க மாட்டார், அவர் ஓராண்டு காத்திருப்பது நல்லது. பணமோ தரகோ கைமாறும் இடத்தில் அதை மறைத்துப் பரிந்துரைப்பது நேர்மைக் கேடு, பல நாடுகளில் விளம்பரச் சட்டத்தின் கீழும் வரும்.

எழுதியவற்றைப் பராமரிக்கவும் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை Given பகுதியைத் திறந்து எல்லாவற்றையும் வரிசையாகப் படித்தால், ஒரே சொல் எத்தனை பேருக்குப் போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும். எழுதியவற்றைத் திருத்தலாம், நீக்கவும் செய்யலாம், யார் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதையும் மாற்றலாம். நாம் நீக்கினால் அது பெற்றவர் பக்கத்திலிருந்தும் போய்விடும் என்பதால், கை வைக்குமுன் அவருக்கு ஒரு செய்தி அனுப்பிக் காரணம் சொல்லிவிட வேண்டும்.